12 அங்குல டாமில் ஓயாத அலைவு: எல்லா ராடுகளையும் சமமாக முறுக்கியும் ஏன் அடங்கவில்லை?

சேலத்துத் தாளம்

அனைவருக்கும் வணக்கம். அம்மாப்பேட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு ஏற்கெனவே பயன்படுத்திய கிட் ஒன்றை வாங்கினேன். அதில் 10 அங்குலம், 12 அங்குலம் ஆகிய இரண்டு டாம்களும் 16 அங்குல ஃப்ளோர் டாமும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலும் கீழும் புதிய ஹெட் போட்டுவிட்டேன்.

பத்தும் பதினாறும் ஓரளவு நன்றாகவே பேசுகின்றன. பன்னிரண்டுதான் தொல்லை. ஓர் அடி அடித்தால் ஒலி நேராகக் கீழிறங்கி அடங்காமல், "வோவ், வோவ்" என்று நொடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்கிக்கொண்டே மறைகிறது. கச்சேரியில் மைக் வைத்தால் இன்னும் மோசமாகக் கேட்கிறது. நான் விதிப்படிதான் செய்தேன். ஆறு ராடுகளையும் முதலில் விரலால் இறுகும் வரை திருகி, பிறகு எதிரெதிராகக் குறுக்கே மாறி மாறி, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று, மீண்டும் அரைச் சுற்று, கடைசியில் கால் சுற்று என்று எண்ணி எண்ணித் திருகினேன். ஒரு ராடுக்குக்கூட எண்ணிக்கை தவறவில்லை. அப்படியிருந்தும் ஏன் இந்த அலைவு?

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த மூன்று டாம்களையும் எந்தெந்தச் சுருதியில் வைப்பது பொருத்தம்? அடுத்த மாதம் ஏற்காட்டில் ஒரு திருமண நிகழ்ச்சி இருக்கிறது. அதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.

ஏற்காட்டுப் பனி

தம்பி, நீங்கள் செய்த முறை சரியானதுதான், அதில் குறை காண முடியாது. எல்லா ராடுகளுக்கும் ஒரே அளவு சுற்று கொடுத்தால் இழுவிசை எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே ஹெட்டில்தான் குறை இருக்க வேண்டும், மாற்றிப் பாருங்கள்.

மேலே வரும்போது இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மூடுபனி இறங்கினால் ஹெட் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். எங்கள் பகுதிக்குக் கீழேயிருந்து வருகிற குழுக்களின் கிட் எல்லாம் மாலையில் தொங்கிப்போய்விடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே சேலத்தில் வைக்கும் சுருதியைவிடக் கொஞ்சம் கூட்டியே வைத்து எடுத்து வாருங்கள்.

சாவிக்காரர்

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஏற்காட்டு அண்ணன் சொன்னதில் ஒரு பாதி உண்மை, ஒரு பாதி பழைய நினைவு. பனியைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் சுற்று எண்ணும் கதை.

ராடை எத்தனை சுற்று திருகினோம் என்பது வேறு, அந்த இடத்தில் ஹெட் எவ்வளவு இழுபடுகிறது என்பது வேறு. "விரலால் இறுகும் வரை" என்ற தொடக்கப் புள்ளியே ஆறு இடத்திலும் ஒன்றாக இருக்காது. எண்ணெய் காய்ந்து மரை துருவேறிய ராடு, ஹெட்டை இழுக்கத் தொடங்கும் முன்பே விரலுக்கு இறுகிவிட்டதாகத் தோன்றும். எண்ணெய் உள்ள ராடு இன்னும் முக்கால் சுற்று உள்ளே போயிருக்கும். அதற்குப் பிறகு இரண்டுக்கும் சமமாகச் சுற்று கொடுத்தால் அந்த முக்கால் சுற்று வேறுபாடு அப்படியே நிலைத்துவிடும். எண்ணிக்கை, ஹெட்டை ஷெல்மேல் நேராக உட்காரவைக்க மட்டுமே உதவும். அதன் பிறகு காதுதான் அளவுகோல்.

நீங்கள் கேட்கிற "வோவ்" எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் வேலை பாதியாகிவிடும். டாமின் நடுவில் அடித்தால் கேட்கும் அடிப்படை ஒலி ஒன்று. ஓரத்தில், லக்குக்கு நேராகத் தட்டினால் கேட்கும் உயர்ந்த ஒலி இன்னொன்று. அந்த உயர்ந்த ஒலியில் ஹெட்டின் ஒரு பாதி மேலெழும்போது மறுபாதி கீழிறங்குகிறது, தராசுத் தட்டுகளைப் போல. இந்த ஆட்டம் வடக்கு தெற்காகவும் நடக்கும், கிழக்கு மேற்காகவும் நடக்கும். ஹெட் எல்லாத் திசையிலும் சமமாக இழுபட்டிருந்தால் இரண்டு ஆட்டமும் ஒரே சுருதியில் இருக்கும், ஒன்றாகவே கேட்கும். ஒரு திசையில் மட்டும் தளர்ந்திருந்தால் இரண்டும் சற்றே விலகும். 168 ஹெர்ட்ஸும் 172 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு நான்கு முறை ஏறி இறங்கும். நீங்கள் சொன்ன "நான்கைந்து முறை" என்பதை வைத்தே உங்கள் டாமில் இரண்டு திசைகளுக்கும் இடையே நான்கைந்து ஹெர்ட்ஸ் வேறுபாடு இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். டாமைக் கழற்றி, மடித்த கம்பளியின்மேல் வையுங்கள், அடி ஹெட் பேசக்கூடாது. ஒரு லக்குக்கு நேரே சிறு துண்டு டேப் ஒட்டி அதை 1 என்று வைத்துக்கொண்டு, கடிகாரச் சுற்றில் 6 வரை எண்ணுங்கள். இடக்கை விரல்நுனியால் ஹெட்டின் நடுவை மெல்லத் தொட்டுக்கொண்டு, ரிம்மிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே ஒவ்வொரு லக்குக்கும் நேராகக் குச்சியால் மெதுவாகத் தட்டுங்கள். நடுவைத் தொடுவதால் அடிப்படை ஒலி அடங்கி, ஓரத்து ஒலி மட்டும் தெளிவாகக் கேட்கும். காதில் நம்பிக்கை இல்லையென்றால் கைப்பேசியில் ஏதாவது ஒரு டியூனர் செயலியை வைத்து எண்களைக் குறித்து இங்கே போடுங்கள்.

ஞாயிறு வாசிப்பு

எனக்கும் இதே தொல்லைதான். நான் தேவாலயத்தில் வாசிக்கிறேன். 10 அங்குல டாமை அடித்தால் ஸ்நேரின் கம்பிகள் "ஸ்ஸ்ஸ்" என்று இரைகின்றன. லக்குகளை எவ்வளவு சமமாக்கினாலும் போகவில்லை. ஸ்ட்ரெய்னரைத் தளர்த்தினால் போகிறது, ஆனால் அப்போது ஸ்நேரே பேசுவதில்லை. இதற்கும் இதே வழியா?

சாவிக்காரர்

இல்லை, சகோதரி, அது வேறு நோய். உங்கள் டாமின் சுருதியும் ஸ்நேரின் அடி ஹெட்டின் சுருதியும் அருகருகே நிற்கின்றன. டாம் பேசும்போது ஸ்நேரும் கூடவே அதிர்கிறது, கம்பி இரைகிறது. டாம் எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாக அந்தச் சுருதியை அது பாடும், எனவே சமப்படுத்தியதால் இரைச்சல் கூடியிருந்தாலும் வியப்பில்லை.

10 அங்குல டாமை அரை ஸ்வரம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே பாதி குறைந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் ஸ்நேரின் அடி ஹெட்டில் கம்பி முடியும் இடத்தின் இரு புறமும் உள்ள ராடுகளை மட்டும் கால் சுற்று தளர்த்துவோர் உண்டு. முழுவதுமாக ஒழிக்க முடியாது. ஸ்நேர் கம்பி உள்ள கிட்டில் கொஞ்சம் இரைச்சல் இருந்தே தீரும். மற்ற வாத்தியங்கள் சேர்ந்தால் அது கேட்காது.

சேலத்துத் தாளம்

சொன்னபடி செய்தேன், அண்ணா. எண்கள் இவை.

முதல் லக் 172, இரண்டாவது 168, மூன்றாவது 173, நான்காவது 172, ஐந்தாவது 169, ஆறாவது 172.

அதாவது இரண்டும் ஐந்தும் மட்டும் தாழ்ந்திருக்கின்றன, மற்ற நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. எனக்கு ஒன்று வியப்பாக இருக்கிறது. இரண்டும் ஐந்தும் எதிரெதிராக இருக்கும் லக்குகள். இரண்டு ராடும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தளர்ந்திருப்பது எப்படி? இரண்டையுமே முறுக்கிவிடவா?

சாவிக்காரர்

பொறுங்கள், இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இரண்டும் தளர்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. முன்பு சொன்ன தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு இரண்டானாலும் கோல் ஒன்றுதான். இரண்டாவது லக்கில் தட்டினாலும் ஐந்தாவது லக்கில் தட்டினாலும் நீங்கள் ஆட்டுவது அதே ஆட்டத்தைத்தான். ஆகவே ஒரே ஒரு ராடு தளர்ந்திருந்தாலும் அதன் எதிர் லக்கிலும் தாழ்ந்த சுருதியே கேட்கும். இந்தத் தட்டலை வைத்து எந்த இணை தாழ்ந்திருக்கிறது என்று சொல்ல முடியும், அந்த இணையில் குற்றவாளி யார் என்று சொல்ல முடியாது.

அதற்கு விரல்தான் சாட்சி. டிரம் கீயை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, திருகுவதற்குத் தயாராவது போல இலேசாக அசைத்துப் பாருங்கள். எளிதாக நகர்கிற ராடுதான் பெரும்பாலும் தளர்ந்தது. அதற்கு அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு மட்டும் கொடுத்துவிட்டு, உள்ளங்கையால் ஹெட்டின் நடுவை ஒருமுறை அழுத்தி, ஆறு இடங்களையும் மீண்டும் தட்டிக் கேளுங்கள். ஒன்றைத் திருகினால் பக்கத்து இரண்டும் எதிரே உள்ளதும் சற்று நகரும். அதனால் ஒரு நேரத்தில் ஒரே ராடு, ஒரே சிறு திருப்பு.

இறங்கி வரும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். தேவையான சுருதியைத் தாண்டி ஏற்றிவிட்டு அப்படியே தளர்த்தி நிறுத்தாதீர்கள். தேவைக்குச் சற்றுக் கீழே தளர்த்தி, மீண்டும் ஏற்றி வந்து நிறுத்துங்கள். தளர்த்தி நிறுத்திய ராடில் மரையின் பிடிப்பு மிச்சமிருக்கும். நான்கு பாட்டு அடித்ததும் அது விட்டுக்கொடுத்து இன்னும் தளரும்.

வலந்தலை

நான் மிருதங்கம் வாசிப்பவன், டிரம்ஸ் அறிவு சொற்பம். ஆனால் நீங்கள் சொல்வதைப் படிக்கையில் எங்கள் வேலைதான் நினைவுக்கு வருகிறது. வலந்தலையின் ஓரத்துப் பின்னலைக் கல்லாலும் கட்டையாலும் சுற்றிச் சுற்றித் தட்டி, எல்லாக் கண்ணிலும் ஒரே சுருதி வரும் வரை விடமாட்டோம். அங்கேயும் ஒரு கண்ணைத் தட்டினால் எதிர்க்கண் அசைகிறது.

அதனால் சுருதி பற்றிய கேள்விக்கு எனக்கொன்று தோன்றுகிறது. மூன்று டாம் இருந்தால் கீழ் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் என்று வைத்துவிடுங்கள். தம்புராவே பேசுவது போல் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகரின் சுருதிக்கேற்ப மாற்றிக்கொண்டால் இன்னும் சிறப்பு.

சாவிக்காரர்

ஐயா, முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். இரண்டாம் பாதி மேடையில் நடக்காது. ஒரு டாமை மேலும் கீழும் சேர்த்துச் சுருதி மாற்றப் பன்னிரண்டு ராடுகளைத் தொட வேண்டும். 16 அங்குலத்தில் லக் எட்டு என்றால் அங்கே மட்டும் பதினாறு ராடுகள். ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் இடையில் அறிவிப்பாளர் இரண்டு நிமிடம் பேசுவார், அவ்வளவுதான். அதோடு டாமின் ஒலி வீணையைப் போல நிலைத்து நிற்பதில்லை, அடித்த கணத்தில் சற்று உயர்ந்து பிறகு இறங்குகிறது. கேட்பவர் காது அதைப் பாட்டின் சுருதியோடு அவ்வளவு கண்டிப்பாக ஒப்பிடுவதில்லை. டாம்களுக்கு இடையே உள்ள தூரம்தான் காதுக்கு முக்கியம்.

மிருதங்கத்துக்கும் டாமுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. வலந்தலையின் நடுவே கரணை இருப்பதால் அதன் மேலொலிகள் அடிப்படை ஒலியோடு இயைந்து நிற்கின்றன, 1934இல் சி. வி. ராமன் நம் தோற்கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. டாமின் ஹெட்டில் அப்படி ஒன்றும் இல்லை. வெறும் சவ்வுக்கு ஓரத்து ஒலி அடிப்படையைப் போல 1.59 மடங்கு என்பது கணக்கு. பஞ்சமம் 1.5 மடங்குதான். எனவே ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே ச-ப தேடி ஏமாற வேண்டாம். மேலும் டாமில் இரண்டு ஹெட்டும் நடுவில் அடைபட்ட காற்றும் இருப்பதால் அந்த 1.59 கூடச் சற்று முன்பின்னாகத்தான் வரும்.

ஆனால் ச-ப-ச யோசனை இந்தக் கிட்டுக்கு மிகவும் பொருந்துகிறது. 16 அங்குலத்தைச் செயலியில் `D2` காட்டும் 73 ஹெர்ட்ஸில் வைத்தால் அது கீழ் ஷட்ஜம். 12 அங்குலத்துக்குப் பஞ்சமம் `A2`, 110 ஹெர்ட்ஸ். 10 அங்குலத்துக்கு மேல் ஷட்ஜம் `D3`, 147 ஹெர்ட்ஸ். மூன்றுமே அந்தந்த அளவுக்கு இயல்பான இடத்தில்தான் விழுகின்றன. இவை எல்லாம் டாமைத் தூக்கிப் பிடித்து நடுவில் அடித்தால் வரும் எண்கள். ஓரத்தில் தட்டிக் கிடைக்கும் எண்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எண்ணைவிட முக்கியம், ஷெல் எந்த இடத்தில் பேச விரும்புகிறது என்பது. அடி ஹெட்டும் மேல் ஹெட்டும் சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்து அடித்துப் பாருங்கள், அதுதான் கீழெல்லை. அங்கிருந்து எல்லா ராடுக்கும் கால் கால் சுற்றாக ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஒலி திறந்து, நெஞ்சில் இடிப்பது போலக் கேட்கும். மேலும் ஏற்றினால் குரல்வளையைப் பிடித்தது போலச் சுருங்கிவிடும். திறந்த இடத்துக்கும் சுருங்கிய இடத்துக்கும் நடுவே உங்களுக்கு வேண்டிய ஸ்வரம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்வரத்தை விட்டுவிட்டு ஷெல்லின் பேச்சைக் கேளுங்கள்.

சேலத்துத் தாளம்

இரண்டாவது ராடுதான் எளிதாக நகர்ந்தது. இரண்டு முறை அரைக்கால் சுற்று கொடுத்தேன். இப்போது ஆறு இடமும் 172க்கும் 174க்கும் இடையில் வந்துவிட்டன. மேல் ஹெட்டில் தட்டினால் அலைவு இல்லை. ஆனால் டாமைத் தூக்கி அடித்தால் இன்னும் மெல்லிய அலைவு கேட்கிறது. அடி ஹெட்டைத் தட்டிப் பார்த்தேன், அங்கே கதை இன்னும் மோசமாக இருந்தது: தாழ்ந்த இணை 181, உயர்ந்த இணை 194. மேல் ஹெட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடியை மறந்துவிட்டேன். அதையும் சமப்படுத்தி எல்லா இடமும் 190க்கு அருகில் கொண்டுவந்தேன். நடுவில் அடித்தால் செயலி 109 காட்டியது. அலைவு முழுவதுமாகப் போய்விட்டது.

மகிழ்ச்சியோடு படுத்தேன். மறுநாள் ஒத்திகையில் அரை மணி நேரம் வாசித்ததும் பழைய "வோவ்" திரும்பிவிட்டது! தட்டிப் பார்த்தால் மீண்டும் அதே இரண்டு-ஐந்து இணை. சரிசெய்தேன், மறுபடியும் இறங்கியது. மூன்று முறை இப்படி நடந்துவிட்டது.

ஏற்காட்டுப் பனி

நான் முதலிலேயே சொன்னேன், ஹெட் சரியில்லை. கடையில் மாற்றிக் கேளுங்கள்.

சாவிக்காரர்

மாற்றும் முன் அரை மணி நேரச் சோதனை ஒன்று செய்துவிடலாம், இல்லையென்றால் நல்ல ஹெட்டுக்குப் பழி வரும். ஒரே இடம் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் காரணம் நான்கில் ஒன்று: ஹெட், ரிம், ஷெல்லின் விளிம்பு, அல்லது அந்த லக்கும் ராடும். இவற்றைப் பிரித்தறிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே பார்த்தால் முடியாது. ஒன்றை நகர்த்திவிட்டு, தாழ்ந்த இடம் எதன் பின்னால் போகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஹெட்டின் வளையத்திலும் ரிம்மிலும் ஷெல்லிலும் இப்போதைய இரண்டாவது இடத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ரிம்மைக் கழற்றி, ஹெட்டை மட்டும் ஒரு லக் தூரம் சுழற்றி மாட்டிச் சமப்படுத்திப் பாருங்கள். ஆறு லக் என்பதால் ஒரு லக் என்றால் 60 பாகை. தாழ்ந்த இடம் ஹெட்டின் கோட்டோடு நகர்ந்தால் ஹெட்தான் குற்றவாளி. நகரவில்லையென்றால் அடுத்து ரிம்மை மட்டும் ஒரு லக் சுழற்றிப் பாருங்கள். அதனோடும் நகரவில்லையென்றால் மிச்சமிருப்பது ஷெல்லின் விளிம்பும் அந்த லக்கும்தான்.

கழற்றியிருக்கும்போதே ஷெல்லைச் சமமான கண்ணாடிமேல் கவிழ்த்து, அறையை இருட்டாக்கி, உள்ளே டார்ச் ஒன்றை வைத்து, விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒளி கசிகிறதா என்றும் பாருங்கள். தரையில் வைத்துப் பார்க்காதீர்கள், நம் வீட்டுத் தரை எதுவும் அவ்வளவு சமமில்லை.

வலந்தலை

இந்த முறை அருமை. எங்களுக்கு மூட்டுகள் கழற்றிச் சுழற்றக்கூடியவை அல்ல, கட்டுபவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

சேலத்துத் தாளம்

சாப்பாட்டு மேசையின் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். ஷெல்லின் விளிம்பில் ஓர் இடத்திலும் ஒளி கசியவில்லை. ஹெட்டைச் சுழற்றினேன், தாழ்ந்த இடம் அங்கேயே நின்றது. ரிம்மைச் சுழற்றினேன், அது ரிம்மோடு சேர்ந்து ஒரு லக் நகர்ந்து வந்துவிட்டது!

உடனே ரிம்மை மட்டும் கண்ணாடிமேல் வைத்தேன். தட்டில் வைத்த அப்பளம் போல ஆடுகிறது. கோடு போட்ட இடத்தில் அடியில் இரண்டு அஞ்சலட்டைகளைச் செருக முடிகிறது. பழைய உரிமையாளர் எங்கேயோ கீழே போட்டிருக்க வேண்டும், என்னிடம் சொல்லவில்லை. ஏற்காட்டு அண்ணா, ஹெட் பாவம், அதை விட்டுவிடுங்கள்.

ஏற்காட்டுப் பனி

சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனி விஷயத்தில் நான் கண்ணால் கண்டதைத்தான் சொன்னேன். அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சாவிக்காரர்

கண்டதை மறுக்கவில்லை, அண்ணா. காரணத்தில்தான் எனக்கு வேறு கருத்து. கன்றுத்தோல் போட்டிருந்த காலத்தில் ஈரம் பட்டால் டிரம் தொங்கிப்போகும், அது உண்மை. 1950களின் பிற்பகுதியிலிருந்து டிரம்களுக்கு பாலியெஸ்டர் படலம் வந்துவிட்டது. அது ஈரத்தைக் குடிப்பதில்லை. வெப்பநிலை மாறினால் நகரும், ஆனால் நீங்கள் சொன்னதற்கு எதிர்த்திசையில்: வெயிலில் படலம் விரிந்து சுருதி இறங்கும், குளிரில் சுருங்கிச் சற்று ஏறும். சேலத்து வெயிலில் சமப்படுத்திய டாம் ஏற்காட்டுக் குளிரில் கூடத்தான் வேண்டும்.

பிறகு ஏன் தொங்குகிறது என்றால், நான் சந்தேகப்படுவது மலைப்பாதையைத்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வேனின் பின்புறம் கிட் குலுங்கிக்கொண்டே வருகிறது. புதிய ஹெட்டாக இருந்தால் அது இன்னும் இழுபட்டுக்கொண்டும் இருக்கும். இதைப் பிரித்தறியவும் வழி இருக்கிறது. வெப்பநிலையால் ஆன மாற்றமென்றால் ஆறு லக்கிலும் ஒரே அளவு மாறியிருக்கும், ஒலி தூய்மையாகவே இருக்கும். ராடு கழன்றதென்றால் ஓர் இணை மட்டும் இறங்கி, அலைவு வந்துவிடும். அடுத்த முறை ஒரு குழு மேலே வந்தால் தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ரிம் பற்றி: உங்களிடம் இருப்பது மெல்லிய 1.6 மில்லிமீட்டர் தகடாக இருக்கலாம். இது ஒரு முறை கோணினால் சுத்தியலால் தட்டிச் சரியாக்க முயலாதீர்கள், இன்னோரிடத்தில் கோணும். 12 அங்குலம், ஆறு துளை என்று கேட்டு வேறொன்று வாங்கிவிடுங்கள். 2.3 மில்லிமீட்டர் தடிமனும் கிடைக்கிறது, எளிதில் கோணாது. ஆனால் ஒலி சற்று இறுக்கமாகவும் குட்டையாகவும் மாறும், அது உங்கள் விருப்பம்.

அது கிடைக்கும் வரை, ரிம் மேலே வளைந்திருக்கும் இடத்து ராடுக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் சுற்று கொடுக்கத் தயங்க வேண்டாம். ராடின் சுற்று சமமில்லாவிட்டால் குற்றமில்லை, ஓரத்து ஒலி சமமாக இருந்தால் போதும். கழலாமல் இருக்க அந்த ஒரு ராடின் மரையில் மட்டும் நூலோ டெஃப்லான் டேப்போ ஒரு சுற்று சுற்றிவையுங்கள்.

கடைசி வரிசை

இழையை முழுவதும் படித்தேன். ஒன்று மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அடி ஹெட்டை மேல் ஹெட்டைவிட உயர்த்தி வைத்திருக்கிறீர்கள், மேல் 173, அடி 190. நான் இரண்டையும் ஒன்றாகத்தான் வைப்பேன். ஒலி நீண்டு நிற்கும், சமமாக இருக்கிறதா என்று கேட்டறியவும் எளிது.

சாவிக்காரர்

நீண்டு நிற்கும் என்பது சரி. ஆனால் மெல்லிசை மேடையில் ஒலி நீண்டால் அடுத்த டாமோடு குழம்பும். அடி ஹெட் உயர்ந்தால் ஒலி விரைவாக அடங்கும், என் காதுக்கு அதுவே தெளிவு. வாசிப்பவரைப் பொறுத்தது.

கடைசி வரிசை

மைக் இல்லாத சின்ன மண்டபத்தில் நீங்கள் சொல்வது ஒலியைக் கொன்றுவிடும் என்பது என் அனுபவம். சரி, அவரவர் வழி.

சேலத்துத் தாளம்

புதிய ரிம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது, தடிமனானதையே வாங்கினேன். மாட்டிச் சமப்படுத்தி இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு மீண்டும் தட்டினேன். ஆறு இடமும் ஒரு ஹெர்ட்ஸுக்குள் நின்றன. நடுவில் 110.

10 அங்குலம் 147இல் அழகாகப் பேசுகிறது. 16 அங்குலம்தான் சிக்கல். 73இல் வைத்தால் பலமாக அடிக்கும்போது நன்றாக இருக்கிறது, மெதுவாக அடித்தால் ஹெட் படபடவென்று காகிதம் போல் கேட்கிறது. அதை `E2`, 82க்கு ஏற்றினேன். ச-ப-ச குலைந்துவிட்டது, ஆனால் படபடப்பு போய்விட்டது. வலந்தலை ஐயா மன்னிக்க வேண்டும்.

வலந்தலை

82க்கும் 110க்கும் இடையே இருப்பது சுத்த மத்தியமம். 110க்கும் 147க்கும் இடையேயும் அதுவே. உங்கள் டாம்கள் மூன்றும் இப்போது ஒரே தூரத்தில் ஏறுகின்றன. மன்னிக்க ஒன்றும் இல்லை.

ஏற்காட்டுப் பனி

நிகழ்ச்சி அன்று மண்டபத்துக்கு நானும் வருகிறேன், தம்பி. வேனிலிருந்து கிட்டை இறக்கியதும் ஒரு ராடையும் தொடாதீர்கள். இருவரும் சேர்ந்து ஆறு லக்கையும் முதலில் தட்டிப் பார்ப்போம். பனியா வளைவா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.